இது யார் குரல்? ஆசிரியர், கதைசொல்லி, பாத்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதை வாசிப்பு வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். ஒரு பத்தியைக் கொடுத்து "இந்த வரி யாருடையது?" என்று கேட்டால் போதும், வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் வரிசையில் வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே பத்தியை எடுத்துக்கொள்கிறேன். வகுப்புக்காக நானே எழுதியது, இலக்கியத் தரம் தேட வேண்டாம். வாக்கியங்களுக்கு எண் போட்டிருக்கிறேன்.

> (1) பத்து மணிக்குத்தான் தணிகாசலம் எழுந்தார். (2) வாசலில் பால் பாக்கெட் வெயிலில் கிடந்தது. (3) எடுத்து வைக்க இந்த வீட்டில் ஒரு ஆள் கிடையாது. (4) கொல்லைப்பக்கம் போனார். செண்பகம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். (5) ஐந்து மணிக்கே எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். (6) "பாலை எடுத்து வைக்க மாட்டியா?" என்றார். (7) அவள் நிமிர்ந்து பார்த்தாள், பதில் சொல்லவில்லை. (8) திமிர். (9) வேலைக்குப் போகிறாளாம், வேலைக்கு. (10) இந்த மகாராணியை இவன் எங்கிருந்துதான் பிடித்துவந்து தொலைத்தானோ. (11) தணிகாசலம் வாசலுக்குத் திரும்பி வந்து, பெருந்தன்மையோடு பாக்கெட்டைத் தாண்டிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார்.

எழுதினது ஒரே ஆள்தானே சார், அப்போ எல்லாமே அவர் பேச்சுதானே?

எழுதிய கை ஒன்றுதான். ஆனால் அந்தக் கை ஒவ்வொரு வாக்கியத்தையும் யாரோ ஒருவர் சொல்வதாக எழுதுகிறது. எட்டாம் வாக்கியத்தில் "திமிர்" என்று நான் எழுதியிருக்கிறேன். எனக்குச் செண்பகத்தின் மேல் ஒரு கோபமும் கிடையாது. அந்தச் சொல் தணிகாசலத்தின் மனசில் ஓடுவது. முதல் வாக்கியத்தில் "பத்து மணிக்குத்தான்" என்று ஒரு "தான்" இருக்கிறது. அது தணிகாசலத்தின் மனசில் ஓடியிருக்காது. தாமதமாக எழுந்த ஆள் அதைத் தானே குத்திக்காட்டிக்கொள்ள மாட்டார். அது கதையைச் சொல்பவரின் குத்தல்.

ஆக ஒரே பத்தியில் குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்கள்: கதைக்குள் நடமாடும் பாத்திரம், கதையை நமக்குச் சொல்லும் கதைசொல்லி. இந்த இரண்டு பேரையும் இப்படி எதிரெதிரே நிறுத்தியது எதற்காக என்று கேட்டால்தான் மூன்றாவது ஆள், அதாவது ஆசிரியர் வருகிறார்.

"நான்" என்று ஒருத்தரும் இல்லாத கதையில் கதைசொல்லி எங்கிருந்து வந்தார்?

பெயரோ உடம்போ இல்லாவிட்டாலும் அவருக்கு இரண்டு விஷயம் இருந்தே தீரும். எதைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பது ஒன்று, எதைப் பெரிதாக நினைக்கிறார் என்பது இன்னொன்று. ஐந்தாம் வாக்கியத்தைப் பாருங்கள். செண்பகம் ஐந்து மணிக்கு எழுந்தது தணிகாசலத்துக்குத் தெரிய வழியில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். செண்பகமும் அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் அந்தத் தகவல் நமக்கு எப்படி வந்தது? அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்தான் கதைசொல்லி.

கொண்டுவந்து எங்கே வைத்தார் என்பதும் முக்கியம். "பாலை எடுத்து வைக்க மாட்டியா?" என்ற அதட்டலுக்குச் சரியாக ஒரு வாக்கியம் முன்னால் வைத்திருக்கிறார். அதே தகவலைப் பத்தியின் கடைசியில் வைத்திருந்தால் அதட்டலை நாம் முதலில் நியாயம் என்றே எடுத்துக்கொண்டிருப்போம். கதைசொல்லி வாயைத் திறந்து கருத்துச் சொல்லாமலே பக்கம் சாய்வது இப்படித்தான்.

மேற்கோள் குறிக்குள்ளே இருந்தா பாத்திரம், வெளியே இருந்தா கதைசொல்லி. இவ்வளவுதானே?

இந்த விதியை வைத்துக்கொண்டு போனால் பாதிப் பத்தி தப்பாகிவிடும். எங்கள் பத்தியில் மேற்கோள் குறி ஆறாம் வாக்கியத்துக்கு மட்டும்தான். ஆனால் 3, 8, 9, 10 நான்கும் தணிகாசலத்துடையவை. குறியும் இல்லை, "என்று நினைத்தார்" என்ற வாலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று இரண்டு படித்திருப்போம். இது இரண்டுக்கும் நடுவில் ஓடுவது. நினைப்பு பாத்திரத்தினுடையது, வாக்கியம் மட்டும் கதைசொல்லியின் வரிசையிலேயே நிற்கிறது.

எளிய சோதனை ஒன்று உண்டு. சந்தேகமான வாக்கியத்தின் பின்னால் "என்று நினைத்தார்" என்பதை ஒட்டிப் பாருங்கள். "எடுத்து வைக்க இந்த வீட்டில் ஒரு ஆள் கிடையாது என்று நினைத்தார்" என்பது ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பொருந்துகிறது. "பத்து மணிக்குத்தான் தணிகாசலம் எழுந்தார் என்று நினைத்தார்" என்று போட்டால் அபத்தமாக இருக்கிறது. பத்தில் எட்டு இடத்தில் இந்தச் சோதனை போதும். மீதி இடத்துக்கு அடுத்த பதில்.

ஒட்டிப் பார்த்தும் தெரியலைன்னா வேற என்ன தடயம் இருக்கு?

தமிழில் தடயங்களுக்குப் பஞ்சமே இல்லை. மொழிபெயர்ப்பில் வந்த திறனாய்வுக் கட்டுரைகள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் குறை. முதலில் சுட்டெழுத்து. மூன்றாம் வாக்கியத்தில் "இந்த வீட்டில்" என்று இருக்கிறது. வீட்டுக்கு வெளியே நின்று சொல்பவர் "அந்த வீட்டில்" என்றிருப்பார். "இந்த" என்று சொல்ல அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வாக்கியத்தில் "இவன்" வருகிறது. யார் இவன் என்று கதையில் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் மகன் என்று புரிந்துவிடுகிறது. பெயர் சொல்லாமல் "இவன்" என்றாலே போதும் என்று நினைக்கக்கூடியவர் அப்பா மட்டும்தான்.

அடுத்தது விகுதியும் துணைவினையும். ஒன்பதாம் வாக்கியத்தில் "போகிறாளாம்" என்று ஒரு "ஆம்". சாதாரணமாக இது பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும். ஆனால் செண்பகம் வேலைக்குப் போவது தணிகாசலம் தினமும் கண்ணால் பார்ப்பது. தெரிந்த விஷயத்துக்கு "ஆம்" போட்டால் அது நக்கல், அதுவும் சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது சந்தேகமே வேண்டாம். பத்தாவதில் "பிடித்துவந்து தொலைத்தானோ". "வந்தான்" என்பது செய்தி, "வந்து தொலைத்தான்" என்பது செய்தியோடு எரிச்சல். "தொலை", "கிழி", "அழு" போன்ற துணைவினைகள் வரும்போதெல்லாம் நின்று, இந்த எரிச்சல் யாருக்கு என்று கேளுங்கள். அந்த இடத்தில் எரிச்சல்பட யாருக்குக் காரணம் இருக்கிறதோ, குரல் பெரும்பாலும் அவருடையது.

மரியாதை விகுதியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கதைசொல்லி மாமனாரை "எழுந்தார்" என்கிறார், மருமகளை "துவைத்துக்கொண்டிருந்தாள்" என்கிறார். இதை வைத்து "கதைசொல்லி ஆணாதிக்கவாதி" என்று ஒரு மாணவர் நான்கு பக்கம் எழுதிவிட்டார். வயதில் மூத்தவருக்கு "ஆர்", இளையவளுக்கு "ஆள்" என்பது நம் உரைநடையின் பொது வழக்கம், அதில் தனி நிலைப்பாடு எதுவும் இல்லை. விகுதி நடுவழியில் மாறினால்தான் அது தடயம். முழுக்க "அவர்" என்று வந்த ஆள் ஒரே ஒரு வாக்கியத்தில் "அவன்" ஆகிவிட்டால், அங்கே வேறு யாரோ பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

பதினோராம் வாக்கியத்துல "பெருந்தன்மையோடு"ன்னு இருக்கே. அது பாராட்டுதானே?

யார் பாராட்டுகிறார் என்பதுதான் கேள்வி. தணிகாசலம் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்: மருமகளின் திமிரைப் பார்த்தும் மேற்கொண்டு சத்தம் போடாமல் வந்துவிட்டோம், அது பெருந்தன்மை. ஆனால் வாக்கியத்தின் மீதிப் பகுதி கதைசொல்லியின் கண்ணில் படுவது, ஒரு மனிதர் பால் பாக்கெட்டைத் தாண்டிப் போகிறார். குனிந்தால் கைக்கு எட்டும். சொல் அவருடையது, காட்சி கதைசொல்லியுடையது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்ததும் சொல் கேலியாகிவிடுகிறது.

மேலே சொன்ன ஒட்டிப் பார்க்கும் சோதனை இங்கே பலிக்காது. முழு வாக்கியத்தையும் அவர் நினைப்பு என்று கொடுக்க முடியாது, முழுக்கக் கதைசொல்லியின் பேச்சு என்றும் சொல்ல முடியாது. இந்த மாதிரி இடத்தில் வாக்கியத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். மதிப்பிடும் சொல் ஒன்று, செயலைக் காட்டும் சொல் ஒன்று, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே கேலி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

"நான்"னு எழுதியிருந்தா அது ஆசிரியர்தான்னு எடுத்துக்கலாமா?

கூடாது. இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. குறுந்தொகை 25ஆம் பாட்டைப் பாடியவர் கபிலர். அதில் பேசுபவள் தலைவி: அவன் என்னோடு இருந்தபோது சாட்சிக்கு ஒருவரும் இல்லை, மீன் பார்த்து நின்ற ஒரு நாரைதான் இருந்தது என்கிறாள். கபிலரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பேசுபவரைப் பாடியவரிடமிருந்து பிரித்துப் பெயர் வைத்த மரபு நம்முடையது. அதே நாம், ஒரு நவீனச் சிறுகதையில் "நான்" வந்ததும் எழுத்தாளர் வீட்டு முகவரியைத் தேடப் போகிறோம்!

ஒரு எச்சரிக்கை. அந்தப் பாடல்களின் கீழே "தலைவி கூற்று" என்றும் இன்ன சூழலில் சொன்னது என்றும் இருக்கும் குறிப்புகள், பாட்டைப் பிற்காலத்தில் தொகுத்தவர்கள் எழுதியவை என்றே அறிஞர்கள் பலரும் கருதுகிறார்கள். அதாவது அதுவும் ஒரு வாசிப்புதான். குறிப்பை மூடிவிட்டுப் பாட்டுக்குள்ளேயே பேசுபவரைத் தேடிப் பாருங்கள், நல்ல பயிற்சி.

பாத்திரம் கேவலமா பேசினா "அது பாத்திரம் பேசினது"ன்னு ஆசிரியர் தப்பிச்சுக்கலாமா?

இந்தக் கேள்வி ஒரு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ளோபேரின் "மதாம் பொவாரி" நாவல் 1856இல் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று பிரெஞ்சு அரசு வழக்குப் போட்டது, 1857 ஜனவரியில் பாரிஸில் விசாரணை. அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினார் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று, கணவனுக்குத் தெரியாமல் வேறொருவனோடு உறவு கொண்ட எம்மா கண்ணாடி முன் நின்று தன் புது அழகில் மயங்கும் காட்சி. தவறு செய்ததைவிட அதைக் கொண்டாடுவது மோசம் என்பது அவர் வாதம். ஆனால் அந்தக் கொண்டாட்டம் எம்மாவின் நினைப்பில் ஓடுவது. எங்கள் பத்தியின் "திமிர்" மாதிரி, "என்று நினைத்தாள்" என்ற வால் இல்லாமல் கதைசொல்லியின் வரிசைக்குள் நுழைந்திருக்கிறது.

பினாரை முட்டாள் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் இன்னொன்றும் கேட்டார்: இந்தப் பெண்ணைக் கண்டிக்கக்கூடிய ஒரு ஆள் இந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறாரா? கூர்மையான கேள்வி, ஏனென்றால் நிஜமாகவே அப்படி ஒருவர் இல்லை. கதைசொல்லியும் வாய் திறந்து தீர்ப்புச் சொல்வதில்லை. 1857 பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேர் விடுதலையானார், ஆனாலும் தீர்ப்பு நாவலைக் குறைசொல்லிவிட்டுத்தான் அவரை விட்டது.

ஆகவே "அது பாத்திரத்தின் குரல்" என்பதோடு விசாரணை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குரலைச் சுற்றி என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பத்தியில் "மகாராணி" என்ற வசைக்கு முன்னால் ஐந்தாம் வாக்கியம் இருக்கிறது, பின்னால் பால் பாக்கெட்டைத் தாண்டும் கால் இருக்கிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு வசையை மட்டும் விட்டால், அதுவும் கதை முழுக்கச் செண்பகத்தை அப்படியே காட்டினால், பாத்திரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள ஆசிரியருக்கு இடமில்லை.

ஆசிரியரே பேட்டியில் "நான் இதைத்தான் சொல்ல நினைச்சேன்"னு சொல்லிட்டாரே, அப்புறம் என்ன ஆராய்ச்சி?

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். இந்தப் பத்தியை முதல் தடவை வகுப்பில் கொடுத்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார்: "சார், அஞ்சு மணிக்கே எழுந்தவ பாலை ஏன் எடுக்கல? அவ மேலயும் தப்பு இருக்குல்ல? கதைசொல்லி அதை ஏன் மறைக்கிறார்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. மாமனாரைக் கிண்டல் செய்யும் அவசரத்தில் விட்டுப்போன ஓட்டை அது.

ஆனால் அந்தப் பெண் சொன்னது பத்தியில் இருக்கிறது. கதைசொல்லி செண்பகத்துக்குச் சாதகமான தகவலைத் தேடிப்போய்க் கொண்டுவருகிறார், பாதகமானதை விட்டுவிடுகிறார். அவர் நடுநிலையானவர் அல்ல, வக்கீல். நான் அப்படி நினைத்து எழுதவில்லை என்பது என்னைப் பற்றிய தகவல். கதைசொல்லி அப்படித்தான் நடந்துகொள்கிறார் என்பது பத்தியைப் பற்றிய தகவல். நான் பேட்டி கொடுத்து மறுத்தாலும் இரண்டாவது மாறாது.

அமெரிக்கத் திறனாய்வாளர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதிய கட்டுரை இந்தக் கட்சியின் கடைசி எல்லைக்குப் போனது: எழுத்தாளரின் நோக்கத்தை வைத்துப் படைப்பை மதிப்பிடவே கூடாது என்றார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரு சொல் அந்த ஊரில், அந்தக் காலத்தில் என்ன அர்த்தத்தில் புழங்கியது என்று ஆசிரியர் சொன்னால் நன்றியோடு எடுத்துக்கொள்வேன். கதைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னால், அவரையும் நன்றாகப் படித்த இன்னொரு வாசகராக வைத்துக்கொள்வேன்.

அப்படின்னா "ஆசிரியர் நோக்கம்"ங்கிற வார்த்தையே வேண்டாமா?

வேண்டும், ஆனால் எந்த ஆசிரியர் என்று தெரிந்து சொல்ல வேண்டும். வெயின் பூத் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1961இல் ஒரு பிரிப்பைச் செய்தார். சாப்பிட்டுத் தூங்கி வரி கட்டும் நிஜ மனிதர் ஒருவர். படித்து முடித்ததும் "இதை இப்படி அடுக்கியவர் இன்னின்ன மதிப்பு உள்ளவராகத்தான் இருக்க வேண்டும்" என்று நமக்குள் உருவாகும் ஆசிரியர் இன்னொருவர். பத்தியை வைத்துப் பேசும்போது இரண்டாமவரைப் பற்றித்தான் பேச முடியும். முதலாமவரைப் பற்றிப் பேச அவருடைய கடிதமும் நாட்குறிப்பும் வேண்டும்.

கதைசொல்லி பொய் சொல்றார்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எங்கள் பத்தியைத் தணிகாசலமே "நான்" என்று சொல்வதாக மாற்றிப் பாருங்கள்: "உடம்பு அசதி, எழுந்தபோது பத்து மணி இருக்கும். பாலை எடுத்து வைக்க இந்த வீட்டில் ஒரு ஆள் கிடையாது. மருமகள் சமைத்து வைத்துவிட்டுத் துணியில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் முறைக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பாக்கெட்டைத் தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டேன்." இப்போது கதைசொல்லியும் பாத்திரமும் ஒரே ஆள். ஐந்தாம் வாக்கியத்தைக் கொண்டுவந்து தர வெளியே யாரும் இல்லை.

ஆனாலும் அவர் வாயிலிருந்தே விவரம் கசிகிறது. "சமைத்து வைத்துவிட்டு" என்கிறார், அப்படியானால் வேலை நடந்திருக்கிறது. "தாண்டி வந்து" என்கிறார், அப்படியானால் பால் காலடியில்தான் கிடந்தது. அவர் சொல்லும் தீர்ப்பும் அவரே சொல்லும் விவரமும் முட்டிக்கொள்கின்றன. கதைசொல்லியை நம்ப முடியாது என்று சொல்ல இந்த முட்டல்தான் ஆதாரம். அவர் கருத்து நமக்குப் பிடிக்கவில்லை என்பது ஆதாரம் ஆகாது. இதைக் குழப்பிக்கொண்டு, தமக்குப் பிடிக்காத கதைசொல்லிகள் எல்லோரையும் பொய்யர்கள் என்று எழுதுகிறவர்கள் நிறைய.

எவ்வளவு பார்த்தும் ஒரு வரி யாருடையதுன்னு முடிவு பண்ண முடியலைன்னா?

அப்படியே எழுதுங்கள். இரண்டாம் வாக்கியம் எனக்கே அப்படித்தான். "பால் பாக்கெட் வெயிலில் கிடந்தது." வெறும் காட்சியாக இருக்கலாம். ஆனால் "இருந்தது" என்று வராமல் "கிடந்தது" என்று வந்திருக்கிறது. கேட்பாரில்லாமல் விழுந்திருக்கிறது என்ற வருத்தம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் வெடிக்கும் தணிகாசலத்தின் புகார் இங்கேயே தொடங்கிவிட்டதா, அல்லது கதைசொல்லியின் கண்ணுக்கே அப்படிப் பட்டதா? இரண்டு வாசிப்பையும் காரணத்தோடு சொல்லிவிட்டு, எது கொஞ்சம் கனமானது என்று சொன்னால் போதும். காரணம் சொல்லாமல் "இங்கே குரல்கள் கலந்திருக்கின்றன" என்று நழுவினால் நான் மார்க் போட மாட்டேன்.

கட்டுரையில் இதை எப்படி எழுதறது? "ஆசிரியர் கூறுகிறார்"னு எழுதித்தான் பழக்கம்.

"செண்பகம் திமிர் பிடித்தவள் என்று ஆசிரியர் கூறுகிறார்" என்று எழுதினால் மூன்று பேரையும் ஒரே மூட்டையில் கட்டியதாகிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "செண்பகத்தின் மௌனத்தைத் தணிகாசலம் திமிராக எடுத்துக்கொள்கிறார் (8). அவள் அதிகாலையிலிருந்து வேலை செய்வதை அதற்கு முன்பே சொல்லிவிடும் கதைசொல்லி (5), அந்தத் தீர்ப்பை நாம் ஏற்காதபடி செய்கிறார். உழைக்கும் பெண்ணை வீட்டார் பார்க்கும் பார்வையைக் கேலி செய்யும்படி பத்தி அடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாலை அவள் ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவதால் அந்தக் கேலி ஒருபக்கச் சாய்வோடும் இருக்கிறது."

முதல் வாக்கியம் பாத்திரம், இரண்டாவது கதைசொல்லி, மூன்றாவது ஆசிரியர். மூன்றாவதில் "ஆசிரியர்" என்ற சொல் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "பத்தி அடுக்கப்பட்டிருக்கிறது" என்று எழுதிவிட்டால், அடுக்கியவர் மனசில் என்ன இருந்தது என்று உங்களை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. செய்தால் அந்தப் பால் பாக்கெட் விஷயத்தைச் சொல்லுங்கள்.